முதலில் தீர்ப்பு, பிறகு இணைப்பு

டேபிள் டாப் கிரைண்டர் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால், ‘சிறந்த 10 வெட் கிரைண்டர்கள்’ என்ற தலைப்பில் கட்டுரைகள் வரிசை கட்டி நிற்கும். பத்தும் அருமை என்று எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘இங்கே வாங்குங்கள்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தட்டி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகும். அதற்காக நமக்கு விலை ஏறாது, விற்கும் தளம்தான் தன் பங்கிலிருந்து கொடுக்கிறது. இதில் தப்பும் இல்லை. ஒரு பொருளை வாங்கி, உழைத்துப் பார்த்து எழுதுகிறவருக்குக் கூலி வேண்டாமா? அந்தக் கூலி எழுத்தை எந்த இடத்தில் வளைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அமேசான் 1996-லேயே தொடங்கிய ‘அசோசியேட்ஸ்’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் சேர்ந்தவர் கொடுக்கும் இணைப்பு இப்படி இருக்கும்:

```
https://www.amazon.in/dp/B0XXXXXXXX?tag=enkadai-21
```

`tag=` என்பதற்குப் பிறகு வருவதுதான் எழுதியவரின் அடையாளம். இதைத் தட்டி உள்ளே போன வாசகர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன் உண்டு. கிரைண்டர் பார்க்கப் போனவர் செருப்பு வாங்கினாலும் பெரும்பாலும் உண்டு. ஆனால் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அந்தக் கமிஷன் கழிக்கப்படும்.

இப்போது ஒரு கணக்கு. கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4,000 ரூபாய் கிரைண்டருக்கு 200 ரூபாய் வரும், 7,500 ரூபாய் கிரைண்டருக்கு 375. உள்ளூர் பாத்திரக்கடையில் கிடைக்கும் கோயம்புத்தூர் தயாரிப்பைச் சொன்னால் ஒன்றும் வராது. ‘இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு மிக்ஸியே போதும், கிரைண்டர் வாங்காதீர்கள்’ என்று எழுதினாலும் ஒன்றும் வராது. பொய் சொல்லாமலே ஒருபக்கம் சாய்வது இங்கேதான். எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும். ஆனால் கமிஷன் தராத பொருள் பட்டியலிலேயே இருக்காது. படிக்கிறவர் அப்படி ஒன்று இருப்பதையே அறியமாட்டார்.

அமெரிக்காவில் 2011-ல் தொடங்கி, 2016-ல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய ‘வயர்கட்டர்’ தளமும் இந்தக் கமிஷனில் ஓடுவதுதான். அங்கே பொருளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் குழுவையும் வணிகப் பேச்சு நடத்துகிறவர்களையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். தனி ஆளாக எழுதுகிறவருக்குக் குழு ஏது? அவருக்கு ஒரு வழி உண்டு. தீர்ப்பை முழுதாக எழுதி முடிக்கும் வரை எந்தப் பொருளுக்கும் இணைப்பு உருவாக்கக் கூடாது, கமிஷன் விகிதப் பக்கத்தைத் திறக்கவும் கூடாது. இணைப்பு போடும்போது வரிசையை மாற்றத் தோன்றினால், எது மாற்றச் சொல்கிறது என்று அவருக்கே புரிந்துவிடும்.

சரி, கிரைண்டரைச் சோதிப்பது எப்படி? ‘2 லிட்டர், 150 வாட்’ என்பது அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது, அதைத் திருப்பி எழுதத் தேவையில்லை. ஒரே கடையில் வாங்கிய உளுந்து 250 கிராம், ஒரே நேரம் ஊறியது, ஒவ்வொரு கிரைண்டரிலும் போட வேண்டும். எத்தனை நிமிடத்தில் பொங்கியது, எவ்வளவு தண்ணீர் வாங்கியது, அளவுக் குவளையில் மாவு எவ்வளவு நின்றது என்று குறிக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கிறதா என்பது நம் வீடுகளில் எப்போதும் பார்ப்பதுதான். அடுத்து அரிசி. குறைந்த அளவு போட்டால் கல்லுக்கு அடியில் சிக்காமல் ஓரத்திலேயே ஒதுங்குகிறதா, நிறையப் போட்டால் வெளியே வழிகிறதா என்று பார்த்தால், ‘2 லிட்டர்’ என்பதில் நிஜமாக எவ்வளவு அரைக்கலாம் என்பது தெரியும்.

அரைத்து முடித்த பிறகு வருவதைத்தான் பல விமர்சனங்கள் விட்டுவிடுகின்றன. கல்லோடு சேர்த்து டிரம்மைத் தூக்கி மாவை வழிக்க வேண்டும். எடை எவ்வளவு? வயதானவர் ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா? கல் கோத்திருக்கும் தண்டின் இடுக்கில் எவ்வளவு மாவு தங்குகிறது, அதைக் கழற்றிக் கழுவ முடியுமா? சில மாதம் ஓடிய பிறகு பெல்ட் வழுக்குகிறதா, ரப்பர் வாடை அடிக்கிறதா? நிறுவனத்தின் சர்வீஸ் எண்ணுக்கு அழைத்து, பெல்ட் என்ன விலை, சின்ன ஊருக்கு ஆள் வருவாரா என்று கேட்டு, சொன்ன பதிலை அப்படியே எழுதலாம். இதற்கெல்லாம் பதில் இருந்தால் எழுதியவர் பொருளைத் தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். சொந்தமாக எடுத்த படம் இல்லை, ஒரு குறையும் இல்லை, பெட்டியில் உள்ள விவரம் மட்டும் இருக்கிறது என்றால் தொடவில்லை. தொடாத பொருளைச் சேர்க்கவே கூடாது என்பதில்லை. ‘இதை நான் ஓட்டிப் பார்க்கவில்லை, விவரங்களை வைத்துச் சொல்கிறேன்’ என்று அந்தப் பொருளின் பக்கத்திலேயே எழுதிவிட்டால் போதும்.

கமிஷன் வாங்குவதை வெளியே சொல்வது நம் நாட்டில் சட்டப்படியும் கடமை. தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகள் 2022-ல் வந்தன. இணையத்தில் பரிந்துரைப்பவர்களுக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தனிக் கையேடு வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசமாக வந்த பொருள், தள்ளுபடி, பயணச் செலவு எல்லாமே சொல்ல வேண்டிய தொடர்புகள். அந்த அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும், கட்டுரை எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே இருக்க வேண்டும். தமிழ் விமர்சனத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரியை ஒட்டிவிட்டுப் போவது பலரின் வழக்கம். அது போதாது. ‘இந்த இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். கிரைண்டரை என் காசில் வாங்கினேன்’ என்று முதல் இணைப்புக்கு மேலேயே எழுதுவது முறை. அமேசான் தன் பங்குக்குக் கேட்கும் அறிவிப்பு வாக்கியத்தையும் தளத்தில் வைக்க வேண்டும். தேடுபொறிக்குத் தெரிவிக்க, இணைப்பில் `rel="sponsored"` என்று சேர்க்கும்படி கூகுள் சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

எழுதி வெளியிட்டதோடு வேலை முடிவதில்லை. நிறுவனம் அதே பெயரில் மாடலை மாற்றும், தண்டை பிளாஸ்டிக் ஆக்கும், விற்பனையை நிறுத்தும். அதனால் எந்த மாதம் வாங்கிய பொருள், கடைசியாகச் சரிபார்த்தது எப்போது என்ற இரண்டு தேதிகளும் கட்டுரையில் இருக்க வேண்டும். விலையைக் கையால் எழுதி வைக்கவும் கூடாது. இன்று போட்ட விலை நாளை பொய்யாகிவிடும், அமேசான் விதியும் அதற்கு இடம் தருவதில்லை.

அமேசான் தரும் வருமான அறிக்கையில், திரும்பி வந்த பொருள்களும் காட்டப்படும். பலர் வருமானத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஒரே கிரைண்டர் திரும்பத் திரும்ப அந்தப் பட்டியலில் தெரிந்தால், வாங்கியவர்கள் எதிர்பார்த்தது ஒன்று, கைக்கு வந்தது வேறு என்று பொருள். அன்றைக்கே கட்டுரையைத் திறந்து, எந்த வரி அவர்களை அப்படி எதிர்பார்க்க வைத்தது என்று தேடித் திருத்துகிறவரின் அடுத்த பரிந்துரையை வாசகர் நம்பி வாங்கலாம்.