ஏழு சுற்றுகளில் எந்த மூன்று?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வீட்ஸ்டன் சமனச்சுற்றைப் படித்தவர்களுக்கு, அது சமநிலையில் இருக்கும்போது கணக்கு எவ்வளவு எளிது என்பது நினைவிருக்கும். கால்வனாமீட்டரில் மின்னோட்டம் இல்லை, இரண்டு விகிதங்கள் சமம், அவ்வளவுதான். சமநிலை குலைந்தால்தான் சிக்கல். அப்போது மின்கலம், கால்வனாமீட்டர், நான்கு மின்தடைகள் என்று ஆறு கிளைகளிலும் ஓடும் மின்னோட்டத்தைத் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டும்.

கிர்க்காஃபின் இரண்டு விதிகள் கையில் இருக்கின்றன. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் அதைவிட்டு வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்பது முதல் விதி. ஒரு மூடிய சுற்றை முழுதாகச் சுற்றி வந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கங்கள் கழிந்து பூஜ்யமாகும் என்பது இரண்டாவது. இந்தச் சுற்றில் நான்கு சந்திகள் உண்டு. உற்றுப் பார்த்து எண்ணினால் ஏழு மூடிய சுற்றுகள் தேறும். ஆக, பதினொரு சமன்பாடுகள் எழுதலாம், தேவைப்படுவது ஆறுதான். எந்த ஆறு என்பதைப் பாடநூல் மாணவரின் கண்ணோட்டத்துக்கு விட்டுவிடுகிறது. கண்ணில் பட்ட ஆறை எழுதி, ஒரு பக்கம் முழுக்கப் போட்டு முடித்த பிறகு, கடைசி வரியில் 0 = 0 என்று வந்து நிற்பது அதனால்தான். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இருக்காது. சமன்பாடுகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கோளாறு.

இதற்கான விடை 1847-லேயே கிடைத்துவிட்டது. 1845-ல், கோனிக்ஸ்பெர்க் நகரில் மாணவராக இருந்தபோதே தம் இரு விதிகளையும் வெளியிட்ட குஸ்தாவ் கிர்க்காஃப், இரண்டு ஆண்டுகள் கழித்து, எத்தனை சுற்றுச் சமன்பாடுகள் உண்மையில் தேவை என்பதையும் நிறுவினார். ஏழு பாலங்கள் புதிரால் ஆய்லர் கோட்டுருக் கணிதத்தைத் தொடங்கி வைத்ததும் இதே ஊரை வைத்துத்தான். கிர்க்காஃபிடம் இல்லாத ஒரு வசதி இன்று நமக்கு உண்டு. ‘மேட்ரிக்ஸ்’ என்ற சொல்லையே சில்வெஸ்டர் 1850-ல்தான் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். அந்த அணியை வைத்துக்கொண்டு பார்த்தால் கிர்க்காஃபின் முடிவு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

சந்திகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுப்போம். மின்கலத்தின் நேர்முனை 1, எதிர்முனை 4. கால்வனாமீட்டர் 2-ஐயும் 3-ஐயும் இணைக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் ஓர் அம்புக்குறி போட வேண்டும். மின்னோட்டம் உண்மையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கவலை இப்போது வேண்டாம். அம்பு தவறான பக்கம் இருந்தால் விடை கழித்தல் குறியோடு வரும், அதனால் நஷ்டமில்லை. இப்படி அம்பு போட்டதும் படம் ஒரு திசையுள்ள கோட்டுரு ஆகிவிடுகிறது. சந்திக்கு ஒரு நிரை, கிளைக்கு ஒரு நிரல் என்று அட்டவணை போடுவோம். அம்பு புறப்படும் சந்தியில் −1, போய்ச் சேரும் சந்தியில் +1, மற்ற இடங்களில் 0.

```
      1→2  1→3  2→4  3→4  2→3  4→1
 1    -1   -1    0    0    0   +1
 2    +1    0   -1    0   -1    0
 3     0   +1    0   -1   +1    0
 4     0    0   +1   +1    0   -1
```

இதுதான் இன்சிடென்ஸ் அணி. மின்தடை எத்தனை ஓம், மின்கலம் எத்தனை வோல்ட் என்ற விவரம் எதுவும் இதில் இல்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டுமே இருக்கிறது. கிளைகளின் மின்னோட்டங்களை ஒரு வெக்டராக அடுக்கி இந்த அணியால் பெருக்கினால், ஒவ்வொரு சந்தியிலும் வரவிலிருந்து செலவு போக மிச்சம் கிடைக்கும். கிர்க்காஃபின் முதல் விதி அந்த மிச்சம் எங்கும் பூஜ்யம் என்கிறது. அதாவது, மின்னோட்ட வெக்டர் இந்த அணியின் பூஜ்ய வெளியில் இருக்க வேண்டும். பெருக்கினால் எல்லாம் பூஜ்யமாகிவிடும் வெக்டர்கள் அனைத்தும் சேர்ந்ததே பூஜ்ய வெளி.

நான்கு நிரைகளையும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நிரலிலும் ஒரு +1, ஒரு −1 மட்டுமே இருப்பதால் எல்லா இடத்திலும் பூஜ்யம் வருகிறது. முதல் மூன்று சந்திகளின் சமன்பாடுகளை எழுதிவிட்டால் நான்காவது தானாகவே வந்துவிடும். அது புதிதாக எதையும் சொல்வதில்லை. மூன்றிலும் இப்படி வீணானது இருக்கிறதா? நிரைகளை y1, y2, y3, y4 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1→2 கிளையின் நிரலைப் பார்த்தால் y2 − y1 = 0 என்றாக வேண்டும். 1→3 கிளை y1-ஐயும் y3-ஐயும் சமமாக்குகிறது. இப்படியே கிளைக்குக் கிளை போனால் நான்கு எண்களும் ஒன்றாகிவிடுகின்றன. எல்லா நிரைகளையும் சம அளவில் கூட்டுவதைத் தவிர வேறு வழியில் பூஜ்யம் வராது. ஆகவே உண்மையாகவே புதுத் தகவல் தரும் நிரைகள் மூன்று. அணியின் தரம் 3. எந்தச் சுற்றானாலும், படம் ஒரே துண்டாக இணைந்திருந்தால், தரம் சந்திகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு.

ஆறு தெரியாத மின்னோட்டங்களுக்கு மூன்று கட்டுப்பாடுகள். மீதி மூன்று அளவு சுதந்திரம் பூஜ்ய வெளிக்கு இருக்கிறது. அந்த மூன்றும் என்ன என்பதுதான் இந்தக் கதையின் அழகான பகுதி.

படத்தில் 1-லிருந்து 2-க்கும், அங்கிருந்து 3-க்கும், பிறகு 1-க்குத் திரும்பியும் நடப்போம். முதல் இரண்டு கிளைகளில் அம்போடு போகிறோம். கடைசியில் 1→3 கிளையை அம்புக்கு எதிராகக் கடக்கிறோம். அம்போடு போனால் 1, எதிராகப் போனால் −1, போகாத கிளைக்கு 0 என்று எழுதினால் கிடைப்பது இது:

```
L1 = (1, -1,  0, 0, 1, 0)
```

அணியின் முதல் நிரையோடு பெருக்கினால் −1 + 1 = 0. இரண்டாவதில் 1 − 1 = 0. மூன்றாவதில் −1 + 1 = 0. நான்காவதை இந்தச் சுற்று தொடவே இல்லை. சுற்றி வருபவர் ஒவ்வொரு சந்திக்குள்ளும் நுழைந்து உடனே வெளியேறுகிறார், வரவும் செலவும் ஈடாகின்றன. ஒரு மூடிய சுற்று பூஜ்ய வெளியில் ஒரு வெக்டராக வந்து உட்காரக் காரணம் இதுதான். இதே போல 2, 3, 4 சுற்றையும், மின்கலத்தைச் சேர்த்த 1, 2, 4 சுற்றையும் எழுதலாம்:

```
L2 = (0,  0, -1, 1, 1, 0)
L3 = (1,  0,  1, 0, 0, 1)
```

மற்ற நான்கு சுற்றுகளும் இம்மூன்றிலிருந்தே பிறக்கின்றன. 1, 3, 4 வழியாக மின்கலத்தைச் சுற்றி வரும் சுற்று L3 − L1 + L2. கால்வனாமீட்டரைத் தொடாமல் நான்கு மின்தடைகளையும் சுற்றும் பெரிய சுற்று L1 − L2.

எண்களைப் போட்டு ஒரு முறை பார்த்துவிடலாம். 1→2, 3→4 கிளைகளில் 1 கிலோஓம்; 1→3, 2→4 கிளைகளில் 2 கிலோஓம்; கால்வனாமீட்டர் கிளையில் 1 கிலோஓம்; மின்கலம் 7 வோல்ட். கணக்கிட்டால் சந்தி 4-ஐ ஒப்பிட, சந்தி 2-ல் 4 வோல்ட், சந்தி 3-ல் 3 வோல்ட். மின்னோட்டங்கள், அட்டவணையின் வரிசையிலேயே, மில்லிஆம்பியரில்:

```
(3, 2, 2, 3, 1, 5) = -2·L1 + 3·L2 + 5·L3
```

ஆறு மின்னோட்டங்களுக்குள் ஒளிந்திருப்பது மூன்று சுழல்கள்தான். ஒன்று 2 மில்லிஆம்பியரில் எதிர்ப்பக்கம் சுழல்கிறது, மற்ற இரண்டும் 3-லும் 5-லும் நாம் போட்ட பக்கமே சுழல்கின்றன. கால்வனாமீட்டரில் தெரியும் 1 மில்லிஆம்பியர், முதல் இரண்டு சுழல்களும் அந்தக் கிளையில் மோதி மிஞ்சியது.

இப்போது 0 = 0 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். L1, L2, அதோடு நான்கு மின்தடைகளைச் சுற்றும் பெரிய சுற்று என்று தேர்ந்தெடுத்தவர், மூன்றாவது சமன்பாட்டை எழுதும்போது முதலிரண்டின் வித்தியாசத்தையே திரும்ப எழுதுகிறார். இந்த மூன்றிலும் மின்கலக் கிளை இல்லவே இல்லை என்பதைக் கவனித்தாலே பிடிபட்டுவிடும். 7 வோல்ட் என்ற எண் எந்தச் சமன்பாட்டிலும் நுழையவில்லை; பிறகு எப்படி விடை வரும்?

தவறாமல் தேர்ந்தெடுக்க ஒரு முறை உண்டு. எல்லாச் சந்திகளையும் இணைத்து, ஆனால் ஒரு சுற்றுகூட உண்டாகாதபடி சில கிளைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ‘மரம்’ என்பார்கள். நம் படத்தில் சந்தி 2-ஐத் தொடும் 1→2, 2→4, 2→3 ஆகிய மூன்று கிளைகள் ஒரு மரம். மீதமுள்ள ஒவ்வொரு கிளையும் மரத்தோடு சேர்ந்து சரியாக ஒரு சுற்றை மூடும். 1→3 சேர்ந்தால் L1, 3→4 சேர்ந்தால் L2, 4→1 சேர்ந்தால் L3. ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டில் இல்லாத ஒரு கிளை இருப்பதால் ஒன்று இன்னொன்றிலிருந்து வர வாய்ப்பே இல்லை. கிளைகள் 6, மரத்துக்குப் போனது 3, மிச்சம் 3 சுற்றுகள். ஆயிரம் கிளை இருந்தாலும் இதே கணக்குதான்: கிளைகள் − சந்திகள் + 1.

அம்புக்குறி எதற்கு, இரண்டு முனையிலும் வெறும் 1 போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மூன்று கிளை கொண்ட ஒரு முக்கோணத்துக்கு அப்படி எழுதினால் அணியின் தரம் 3 ஆகிவிடும். பூஜ்ய வெளியில் எதுவும் மிஞ்சாது. கண்ணெதிரே இருக்கும் சுற்று அணியில் காணாமல் போய்விடும். வரவையும் செலவையும் பிரிக்கும் அந்தக் கழித்தல் குறியில்தான் சுற்றே அடங்கியிருக்கிறது.

மின்சுற்றுகளைக் கணினியில் சோதிக்கும் ஸ்பைஸ் வகை மென்பொருள்களும் இந்த இணைப்பு விவரத்தின் மேல்தான் சமன்பாடுகளைக் கட்டுகின்றன. நான்கு நிரைகளில் ஒன்று மிகை என்பதால், ஒரு சந்தியை ‘கிரவுண்ட்’ என்று வைத்து அதன் நிரையை விட்டுவிடுகிறார்கள். பழகுபவர்களை அதிகம் திணறடிப்பது `singular matrix` என்ற செய்தி. இரண்டு மின்தேக்கிகளைத் தொடராக இணைத்து, நடுச் சந்தியில் வேறெதையும் சேர்க்காமல் விட்டால் இது வரும். நேர்மின்னோட்டத்துக்கு மின்தேக்கி அறுந்த கம்பி மாதிரி. எனவே நடுச் சந்தி தனித்துண்டாகிவிடுகிறது. படம் இரண்டு துண்டானால் ஒவ்வொரு துண்டிலும் நிரைகளின் கூட்டுத்தொகை தனித்தனியே பூஜ்யமாகும், தரம் இன்னும் ஒன்று குறையும். கிரவுண்ட் இல்லாத துண்டின் மின்னழுத்தம் எதுவாகவும் இருக்கலாம். அந்தச் சந்தியிலிருந்து கிரவுண்டுக்கு 1 ஜிகாஓம் போன்ற மிகப் பெரிய மின்தடை ஒன்றைப் போட்டால் துண்டுகள் இணைந்து, சிக்கல் தீர்ந்துவிடும்.

அதே செய்தி நேரெதிரான காரணத்தாலும் வரும். உள்தடையே இல்லாத இரண்டு 5 வோல்ட் மூலங்களைப் பக்கவாட்டில் இணைத்தால் அவை தங்களுக்குள் ஒரு சுற்றாகிவிடுகின்றன. அந்தச் சுற்றின் வெக்டரை எத்தனை மடங்கு கூட்டினாலும் எந்தச் சந்தியிலும் மிச்சம் மாறாது, தடுக்க மின்தடையும் கிடையாது. உள்ளே சுழலும் மின்னோட்டம் 1 ஆம்பியரா ஆயிரம் ஆம்பியரா என்று சொல்ல எந்தச் சமன்பாடும் இல்லை. ஒரு மூலத்தோடு தொடராக 0.01 ஓம் சேர்த்தால் போதும், அந்தச் சுழலுக்கு ஒரே ஒரு மதிப்பு கிடைத்துவிடும்.