விண்ணப்பக் கடிதம் – 9: முதலில் உடைய வேண்டியது எது?

சிவில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, பழங்கட்டடப் பாதுகாப்பில் முதுகலை படிக்க எஸ்.ஓ.பி. எழுதும் பெண்ணை மறந்திருக்க மாட்டீர்கள். 'சிறு வயது முதலே' என்ற அவளது தொடக்கத்தைப் போன வாரம் வெட்டினோம். இந்த வாரம் கடைசிப் பத்தி என்று சொல்லியிருந்தேன். நடுப்பத்தி என்னை விடவில்லை.

அவளது வரைவில் அந்த இடத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் கம்பீரம் பற்றி எட்டு வரிகள் இருந்தன. தேர்வுக் குழுவுக்கு அது தேவையில்லை. கம்பியும் சிமென்ட்டுமாக நான்கு வருடம் படித்தவள் எதற்காக இங்கே வருகிறாள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. "நீ படித்தது ஒரு பழைய சுவரிடம் செல்லாமல் போன இடம் உண்டாம்மா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஒண்ணு இருக்கு சார்" என்று செல்போனில் ஒரு படம் காட்டினாள்.

பழைய செங்கல் வீடு ஒன்றின் சுவர். முதல் வருடப் பயிற்சியின்போது அதன் சுண்ணாம்புக் காரை இணைப்புகளைச் சுரண்டிவிட்டு, சிமென்ட் கலவையால் பாயிண்டிங் செய்த வேலையை அவள் கூட நின்று பார்த்திருக்கிறாள். படம் நான்கு வருடம் கழித்து எடுத்தது. சிமென்ட் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் செங்கல்கள் உள்வாங்கி, தேன்கூட்டின் அறைகள் போலக் குழிந்திருக்கின்றன. குழியின் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டியதாம்.

தரையிலிருந்து ஏறும் ஈரம் எங்காவது வெளியேறியாக வேண்டும். பழைய சுவரில் அது மென்மையான காரை வழியே போகும். உப்பும் அங்கேயே தங்கும். காலப்போக்கில் காரை உதிரும், கொத்தனார் புதிதாக அடைப்பார், செங்கல் பிழைக்கும். சிமென்ட் அந்த வழியை மூடிவிட்டது. ஈரம் செங்கல் வழியே காயும்போது, உப்பு அதன் நுண்துளைகளுக்குள் படிகமாகி முகத்தைப் பிளந்து தள்ளுகிறது. கலவை எவ்வளவு உறுதியோ, அவ்வளவுக்குச் சுவருக்குக் கெடுதல்.

இதைச் சரிபார்க்கப் படிக்கும்போதுதான் ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலின் கதை கிடைத்தது. வாரம் முழுக்க அதே நினைப்பு. பழங்காலக் கிரேக்கர்கள் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்து, அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் இரும்பை ஈரத்திலிருந்து காத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலைப் புதுப்பித்த நிக்கோலாஸ் பாலனோஸ் என்ற பொறியாளர் நிறைய இரும்பை வைத்தார். ஈயக் காப்பு இல்லை. துரு பிடித்த இரும்பு பருத்துப் பளிங்கைப் பிளந்தது. 1975-இல் அமைக்கப்பட்ட குழுவின் கீழ் நடந்த பணியில் அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள். துருப்பிடிக்காது என்பது ஒரு காரணம். எனக்குப் பிடித்தது அளவைக் கணக்கிட்ட விதம். நிலநடுக்கத்தில் பாரம் எல்லை மீறினால், பளிங்கு உடைவதற்கு முன் டைட்டானியம் இளக வேண்டும். பட்டையை மாற்றிவிடலாம், பளிங்கை மாற்ற முடியாது.

இதைச் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள். "சார், பீம் டிசைன்லயும் இதுதானே! கான்கிரீட் நொறுங்குறதுக்கு முன்னாடி கம்பி இளகணும்னுதான் கம்பியோட அளவுக்கு வரம்பு வெச்சிருக்கோம்." எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதை அவள் கல்லூரியிலேயே படித்திருக்கிறாள். அந்தச் சுவரில் அதைப் பொருத்திப் பார்க்கத்தான் யாரும் சொல்லவில்லை. நடுப்பத்தி அங்கே பிறந்தது: சுவர், அதில் தன் பங்கு, காரணம், பீம்.

பத்தியின் முடிவில் 'இனி சுண்ணாம்பே தீர்வு' என்று எழுதியிருந்தாள். அதை அடிக்கச் சொன்னேன். அஸ்திவாரம் இறங்கி விழுந்த வெடிப்பைக் காரை குணப்படுத்தாது. பழைய காரையில் என்ன இருந்தது என்று அறிவதும் லேசல்ல. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். ஆனால் கலவையில் கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல் தூளோ இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்து, கணக்கு பொய்யாகும். அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? "எனக்குத் தெரியலையே சார்" என்றாள். அந்தக் கேள்வியையே எழுது, நீ படிக்கப் போவது அதற்காகத்தானே என்றேன்.

கடைசிப் பத்தி அடுத்த வாரம். மின்ஹோ பல்கலைக்கழகமும் பார்சிலோனா, படோவா, பிராக் நகரப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் படிப்பு சிவில் பொறியாளர்களுக்கும் இடம் தருகிறது. இந்தச் சுவரை அங்கே ஏன் கொண்டுபோக வேண்டும் என்பதை அவள் இன்னும் எழுதவில்லை. முதலில், அந்தச் சுவரின் பழைய காரைத் துண்டு ஒன்றை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.