வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? நிமிடத்திலிருந்து ஒரு கணக்கு

மாரத்தான் பயிற்சி அட்டவணைகள் பல "வாரம் 60 கிலோமீட்டர்" என்று தூரத்தில்தான் பேசும். ஆனா வேலைக்குப் போற ஆளுக்குக் கையில் இருப்பது நேரம்தான். ஒரு கிலோமீட்டரை 5 நிமிடத்தில் நிதானமாக ஓடுபவருக்கு அந்த 60 என்பது 5 மணி நேரம். ஏழரை நிமிடம் எடுப்பவருக்கு ஏழரை மணி நேரம். அதனால் நான் முதலில் நிமிடத்தை எண்ணுவேன், தூரம் அப்புறம்.

சென்னையில் ஒருவருக்கு வார நாட்களில் 4 நாள் தலா ஒரு மணி நேரமும், ஞாயிறு 2 மணி நேரமும் கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். காலண்டரில் இது 6 மணி நேரம். ஷூ மாட்டுறது, வார்ம்-அப், சிக்னலில் நிற்பது என்று ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் போயிடும். மிச்சம் 4 × 45 + 105 = 285 நிமிடம்.

அடுத்து ஈஸி பேஸ். ஓடிக்கிட்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அது. அப்படி ஓடிய கடைசி நாலைந்து ஓட்டங்களின் மொத்த நிமிடத்தை மொத்தக் கிலோமீட்டரால் வகுத்தால் போதும். நம்ம ஆளுக்கு 7:30 வருதுன்னு வைங்க. கால்குலேட்டரில் இதை 7.5 என்று போடணும், 7.30 இல்லை (புரோகிராமர்களும் சறுக்குற இடம் இது). 285 ÷ 7.5 = 38 கிலோமீட்டர்.

பேஸ் வகுக்கும் இடத்தில் இருப்பதால் தூரம் சீராகக் கூடாது. 8:00-லிருந்து 7:30-க்கு வந்தால் அதே 285 நிமிடத்தில் கூடுவது 2.4 கி.மீ. 6:00-லிருந்து 5:30-க்கு வந்தால் 4.3 கி.மீ. மெதுவாக ஓடுகிறவருக்கு வேகம் தருகிற லாபம் குறைவு. நம்ம ஆள் ஞாயிறு அரை மணி நேரம் கூட ஓடினால் 4 கி.மீ. கூடும். அதையே வேகத்தில் எடுக்கணும்னா ஒவ்வொரு கிலோமீட்டரையும் 6:47-ல் ஓடணும். அவருக்கு அது ஈஸி இல்லை. பேச்சு ரெண்டு ரெண்டு வார்த்தையா உடையும், வியாழக்கிழமை கால் கனக்கும். அந்த ஒரு 45 நிமிட ஓட்டத்தை விட்டுட்டாலே 240 ÷ 6.78, அதாவது சுமார் 35.4 கி.மீ. நிதானமா ஓடியிருந்தா 38!

வெயில் காலத்தில் இது திரும்பவும் மாறும். மே மாதப் புழுக்கத்தில் உடல் குளிர்வதற்கே இதயம் கூடுதலாக உழைக்கும். அதே இதயத்துடிப்பில் பேஸ் 8:15-க்கு இறங்கினால் 285 நிமிடத்துக்கு 34.5 கி.மீ.தான் வரும். இதை ஃபிட்னஸ் போயிடுச்சுன்னு எடுத்துக்க வேண்டாம். அப்பவும் 38-ஐத் துரத்தினால் வாரத்துக்கு இன்னும் 28.5 நிமிடம் தேவைப்படும், அதுவும் வெயிலில். நான் அந்த மாதங்களில் 285 நிமிடத்தை மட்டும் அட்டவணையில் எழுதிட்டு, தூரக் கட்டத்தைக் காலியா விட்டுடுவேன்.