917-ஐ 6-ஆல் வகுத்த இடத்தில்

பத்தாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறு பிள்ளைகளின் உயரம் சென்டிமீட்டரில் கொடுக்கப்பட்டிருந்தது: 151, 152, 152, 153, 154, 155. திட்ட விலக்கம் காண வேண்டும். அட்டவணை அழகாக இருந்தது. கூடுதல் 917, வர்க்கங்களின் கூடுதல் 1,40,159, இரண்டும் சரி. சூத்திரமும் சரி. விடை மட்டும் 3.46 என்று முடிந்திருந்தது. வர வேண்டியது 1.34.

அந்த மாணவி எந்த இடத்திலும் தப்பாகக் கூட்டவில்லை, பெருக்கவில்லை. 917-ஐ 6-ஆல் வகுத்தால் 152.8333 என்று 3 முடிவில்லாமல் நீளும். அவள் அதை 152.8 என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். விட்டுப்போனது 0.03தான். ஆனால் நேரடி முறையில் இந்தச் சராசரியை வர்க்கப்படுத்தி, வர்க்கங்களின் சராசரியான 23,359.83-லிருந்து கழிக்க வேண்டும். 152.8-இன் வர்க்கம் 23,347.84. கழித்தால் கிட்டத்தட்ட 12 வருகிறது. உண்மையில் வர வேண்டியது 1.81.

ஓர் எண்ணில் சின்னப் பிழை இருந்தால், அதை வர்க்கப்படுத்தும்போது அந்தப் பிழை ஏறக்குறைய அந்த எண்ணின் இரு மடங்கால் பெருகிவிடும். இங்கே அது 305 மடங்கு. அப்படியும் இருபத்து மூவாயிரத்தில் பத்து குறைந்தது யார் கண்ணிலும் படாது. இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது பெரிய பகுதி அடிபட்டுப் போகிறது, பிழை மட்டும் அப்படியே மிஞ்சுகிறது.

சரி, இரண்டு தசம இடம் எழுதினால் போதாதா? 152.83 என்று வைத்துப் பாருங்கள், விடை 1.68. நான்கு இடம் வைத்து 152.8333 என்று எழுதினாலும் 1.35தான் வருகிறது, 1.34 வருவதில்லை. 153 என்று முழு எண்ணாக்கினாலோ வர்க்கமூலத்துக்குள் குறை எண்ணே வந்துவிடும். விடை எத்தனை இடம் வேண்டுமோ அத்தனை இடத்தை இடையிலும் வைத்தால் போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம். இந்தக் கணக்கில் அந்தச் சொல் செல்லாது.

இந்த மாதிரிப் பிழையை மாணவியே பிடிக்க ஒரு வழி உண்டு. திட்ட விலக்கம் ஒருபோதும் வீச்சில் பாதியைத் தாண்டாது. இங்கே வீச்சு 155 − 151 = 4, அதில் பாதி 2. ஆகவே 3.46 வரவே முடியாது. ஆனால் 1.68 இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதனால்தான் தாளில் தடயம் இருக்க வேண்டும் என்கிறேன்.

மாணவி செய்ய வேண்டியது சிறிய வேலைதான். தசமம் நீளும்போது 152.8333… என்று மூன்று புள்ளி வைக்க வேண்டும். முழுமையாக்கினால் அந்த வரியில் சமக்குறிக்குப் பதில் ≈ போட வேண்டும். அந்தக் குறி எந்த வரியில் முதலில் வருகிறதோ, அங்கேதான் கணக்கு தோராயமாகிறது என்று திருத்துபவருக்கு உடனே தெரியும். சமக்குறியே போட்டு 917/6 = 152.8 என்று எழுதுவது உண்மையில் பொய்யான வரி.

திருத்தும்போது நான் செய்வது இது. தவறான விடையைக் கண்டதும் அடித்துவிடாமல், மேலிருந்து முதல் முழுமையாக்கலைத் தேடி அதைச் சுற்றி வட்டமிடுவேன். பிறகு அவள் எழுதிய 152.8-ஐயே எடுத்துக்கொண்டு மீதி வரிகளை நானும் போட்டுப் பார்ப்பேன். எனக்கும் 3.46 வந்தால், அதற்குப் பிந்திய படிகள் எல்லாம் சரி என்று பொருள். அவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து, வட்டமிட்ட இடத்தில் மட்டும் ஒரு மதிப்பெண் குறைத்து, ஓரத்தில் ‘இங்கே முழுமையாக்காதே’ என்று எழுதுவேன். எனக்கு வேறு எண் வந்தால் பிழை இன்னொன்றும் இருக்கிறது, அதையும் தேட வேண்டும். ஒரே காரணத்துக்கு விடையிலும் வெட்டி, நடுப்படியிலும் வெட்டுவது அநியாயம்.

ஊகச் சராசரி முறையில் 153-ஐ எடுத்துக்கொண்டால் விலக்கங்கள் −2, −1, −1, 0, 1, 2. எண்கள் சிறியவை என்பதால் இடையில் −0.17 என்று முழுமையாக்கினாலும் 1.34 வந்துவிடும். நேரடி முறையிலேயே போடுவதானால், மாணவர்களே, 917/6-ஐப் பின்னமாகவே கடைசி வரை கொண்டுபோங்கள். 140159/6-இலிருந்து 840889/36-ஐக் கழித்தால் 65/36 துல்லியமாக வரும். அதற்கு வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில்தான் ≈ போட வேண்டும்.