இடம் மாற்றிப் பார்த்தால் விடை தெரியும்

பதினொன்றாம் வகுப்பில் வரிசை மாற்றங்களும் சேர்வுகளும் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தால், “இதுக்கு nPr போடணுமா, nCr போடணுமா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். பலரும் வினாவில் இருக்கும் சொல்லைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ‘தேர்ந்தெடு’ என்றிருந்தால் சேர்வு, ‘அடுக்கு’ என்றிருந்தால் வரிசை மாற்றம். இந்தக் குறுக்குவழி சில கணக்குகளில் கைகொடுக்கும், பல கணக்குகளில் காலை வாரிவிடும்.

10 பேர் உள்ள ஒரு சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வினாவில் ‘தேர்ந்தெடு’ என்றுதான் இருக்கிறது. ஆனால் தலைவரையும் செயலாளரையும் இடம் மாற்றினால் நிர்வாகமே வேறாகிவிடுகிறது. எனவே இங்கே வரிசை முக்கியம்: 10 × 9 × 8 = 720 வழிகள். அதே 10 பேரில் விழா ஏற்பாட்டுக்குப் பதவி ஏதும் இல்லாமல் மூவரை அனுப்புவதாக இருந்தால், யாரை முதலில் கூப்பிட்டோம் என்பதால் குழு மாறாது. அதற்கு 120 வழிகள்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஒரு விடையை எழுதி, அதில் உள்ள இரண்டு பொருள்களை இடம் மாற்றுங்கள். கிடைப்பது புதிய விடையா, பழைய விடையேதானா? புதியது என்றால் வரிசை மாற்றம், பழையது என்றால் சேர்வு.

இங்கே வரிசை என்பது வரிசையில் நிற்பதையோ ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதையோ குறிப்பதில்லை. எடுத்த பொருள்கள் போய் உட்காரும் இடங்கள் ஒன்றுக்கொன்று வேறானவையா என்பதையே குறிக்கிறது. பதவி, பரிசு, நிறம், அளவு என எதுவும் அந்த வேறுபாட்டை உண்டாக்கலாம்.

இதை விளக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், பிருகத் சம்ஹிதை என்ற நூலில் வாசனைப் பொருள்கள் செய்வதைப் பற்றி எழுதும்போது, 16 பொருள்களில் நான்கு நான்காக எடுத்தால் 1820 வகைகள் கிடைக்கும் என்று கூறுகிறார். அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

முதல் பொருளை 16 விதமாக எடுக்கலாம். அடுத்ததற்கு 15, அதற்கடுத்து 14, கடைசியாக 13. பெருக்கினால் 43,680. ஆனால் சந்தனம், அகில், வெட்டிவேர், கொத்தமல்லி என்று எடுத்தாலும், அதே நான்கையும் தலைகீழாக எடுத்தாலும், சம அளவில் கலக்கும்போது வாசனை ஒன்றுதான். நான்கு பொருள்களை 4 × 3 × 2 × 1 = 24 விதமாக வரிசைப்படுத்தலாம். ஆக, ஒவ்வொரு கலவையையும் நாம் 24 முறை எண்ணிவிட்டோம். அதனால் 43,680-ஐ 24-ஆல் வகுக்கிறோம், 1820 வருகிறது. சேர்வுக்கான சூத்திரத்தில் r! வகுக்கும் எண்ணாக நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இப்போது செய்முறையைக் கொஞ்சம் மாற்றுவோம். நான்கு பொருள்களையும் 1, 2, 3, 4 பங்கு என்ற வெவ்வேறு அளவுகளில் கலக்க வேண்டும். சந்தனம் நான்கு பங்கும் அகில் ஒரு பங்கும் உள்ள கலவை ஒன்று. அவற்றை இடம் மாற்றினால் கிடைப்பது வேறொரு கலவை. எனவே வகுக்கவே கூடாது, விடை 43,680. பொருள்கள் மாறவில்லை, எடுக்கும் எண்ணிக்கையும் மாறவில்லை. பங்குகள் வேறுபட்டதால் மட்டும் விடை 24 மடங்கானது.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நிலையும் உண்டு. இரண்டு பொருள்கள் ஒவ்வொரு பங்கு, மற்ற இரண்டு பொருள்கள் இரண்டிரண்டு பங்கு என்று வைப்போம். ஒரு பங்கு போடும் இரண்டையும் தங்களுக்குள் மாற்றினால் ஒன்றும் மாறாது. இரண்டு பங்கு போடுபவையும் அப்படியே. எனவே வகுக்க வேண்டியது 24-ஆல் அல்ல, 2 × 2 = 4-ஆல். விடை 10,920. ‘வரிசை முக்கியமா’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்கள் மட்டும் போதாத கணக்குகளில், எந்தெந்த இடமாற்றம் விடையை மாற்றவில்லை என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் வகுக்க வேண்டும்.

சேர்வு என்று சரியாகவே முடிவெடுத்த பிறகும் தவறு நேரக்கூடும். 6 ஆண்கள், 4 பெண்கள். இவர்களில் நால்வர் கொண்ட குழு வேண்டும், அதில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். முதலில் ஒரு பெண்ணை எடுத்துவிடுவோம், அதற்கு 4 வழிகள். மீதி 9 பேரில் மூவரை எடுக்க 84 வழிகள். 4 × 84 = 336. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நிபந்தனையும் இல்லாமல் 10 பேரில் நால்வரை எடுக்கவே 210 வழிகள்தான் உள்ளன. நிபந்தனை போட்டபின் எண்ணிக்கை கூட முடியாதே!

நடந்தது என்னவென்றால், ‘முதலில் எடுத்த பெண்’ என்ற ஒரு தனி இடத்தை நாமே உண்டாக்கிவிட்டோம். கமலாவும் தேவியும் உள்ள குழுவை, கமலாவை முதலில் எடுத்ததாக ஒரு முறையும் தேவியை முதலில் எடுத்ததாக இன்னொரு முறையும் எண்ணியிருக்கிறோம். மூன்று பெண்கள் உள்ள குழு மூன்று முறை எண்ணப்பட்டிருக்கும். வினா கேட்காத வரிசை வழிமுறைக்குள் புகுந்துவிட்டது. எல்லாக் குழுக்களும் ஒரே அளவுக்குத் திரும்ப எண்ணப்படாததால், ஏதாவது ஓர் எண்ணால் வகுத்தும் இதைச் சரிசெய்ய முடியாது. சரியான வழி, மொத்தம் 210-லிருந்து ஆண்கள் மட்டுமே உள்ள 15 குழுக்களைக் கழிப்பது. விடை 195.

பிரிக்கும் கணக்குகளிலும் இதே சிக்கல் வரும். நான்கு பேரை இரண்டு கேரம் ஜோடிகளாகப் பிரிக்க, இருவரைத் தேர்ந்தெடுத்தால் போதும், 6 வழிகள் என்று தோன்றும். எழுதிப் பாருங்கள்: ராஜா–மணி ஒரு ஜோடி, செல்வம்–பாபு மற்றொரு ஜோடி. முதலில் செல்வத்தையும் பாபுவையும் எடுத்தாலும் இதே பிரிவினைதான் வரும். ஆகவே 3 வழிகள்தான். எந்த ஜோடி முதலில் ஆடும் என்பதும் சேர்ந்தால் மட்டுமே ஜோடிகள் வெவ்வேறு இடங்களாகும், அப்போது 6 சரி.

பெரிய எண்களில் தடுமாறினால் எண்களைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 16-க்குப் பதில் 4 பொருள்கள், நான்குக்குப் பதில் இரண்டு என்று வைத்து, எல்லா விடைகளையும் கையால் எழுதி எண்ணுங்கள். பட்டியலில் 12 வந்தால் வரிசை உண்டு, 6 வந்தால் இல்லை. சூத்திரத்தைத் தொடுவதற்கு முன், தாளில் ஒரே ஒரு விடையை முழுமையாக எழுதி அதில் இரண்டு பெயர்களை இடம் மாற்றிப் பார்ப்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். P-யா C-யா என்று யாரையும் கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்காது.