பொறியின் ஐயமும் மனிதக் கண்ணும்

ஒரு மொத்த வியாபாரக் கிடங்கிற்கு விலைப்பட்டியல் ஒன்று வருகிறது. பொருள்களின் மதிப்பு ரூ. 15,500. மத்திய ஜி.எஸ்.டி. 9 விழுக்காடு ரூ. 1,395, மாநில ஜி.எஸ்.டி. 9 விழுக்காடு ரூ. 1,395. ஆக மொத்தம் ரூ. 18,290. சரக்கைப் பெற்றுக்கொண்டவர் அடித்த ரப்பர் முத்திரையின் ஓரம், மொத்தத் தொகையின் முதல் இலக்கத்தின் மேல் விழுந்துவிட்டது. விலைப்பட்டியலின் படத்தைப் பார்த்துக் கணிப்பொறி அத்தொகையை 78,290 என்று படிக்கிறது. இது அப்படியே கணக்கில் ஏறினால் அறுபதாயிரம் ரூபாய் கூடுதலாகப் பட்டுவாடா ஆகிவிடும்!

ஒரு கணக்கர் இதைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் திருத்தியிருப்பார். ஆனால் நாள்தோறும் ஆயிரம் விலைப்பட்டியல்கள் வரும் இடத்தில் ஒவ்வொன்றையும் மனிதரே பார்ப்பதானால் பொறி எதற்கு? எவற்றைப் பொறியின் பொறுப்பில் விடலாம், எவற்றை மனிதரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரிக்க ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பொறி தரும் நம்பக எண்

படிக்கும் பொறி விடையை மட்டும் தருவதில்லை. தன் விடையில் தனக்கு எவ்வளவு உறுதி உண்டு என்பதையும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகத் தருகிறது. இதை நம்பக எண் என்போம். முத்திரை விழுந்த அந்த இலக்கத்தைப் பார்த்த பொறி, ‘7’ என்பதற்கு 0.62, ‘1’ என்பதற்கு 0.35, ஏனைய இலக்கங்கள் யாவற்றுக்கும் சேர்த்து 0.03 என்று மதிப்பெண் இட்டிருக்கலாம். மூன்றையும் கூட்டினால் 1 வரும். மிகுதியான மதிப்பெண் பெற்ற 7-ஐ அது விடையாகச் சொல்கிறது. ஆயினும் 0.62 என்ற எண், ‘எனக்கு ஐயம் உண்டு’ என்று அது சொல்லும் மொழியே ஆகும்.

‘0.9-க்குக் கீழே உள்ளதை மனிதரிடம் அனுப்பு’ என்று ஒரு வரம்பு வைத்தால் இந்தத் தொகை பிடிபட்டுவிடும். ஆனால் 0.9 ஏன்? 0.8 ஏன் கூடாது? 0.99 ஏன் கூடாது? பலரும் பார்வைக்கு அழகான ஓர் எண்ணை ஊகமாக வைத்துவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணை அப்படியே நம்பலாமா?

ஒரு கிலோ என்று காட்டும் தராசில் உண்மையில் 900 கிராம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறை எவ்வளவு என்று தெரிந்திருந்தால் அந்தத் தராசையும் பயன்படுத்தலாம். தெரியாமற் பயன்படுத்தினால் நட்டம். நம்பக எண்ணும் அத்தகையதே.

பொறி 0.9 என்று சொன்ன நூறு விடைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ஏறத்தாழத் தொண்ணூறு சரியாக இருந்தால் அந்த எண் மெய்யானது. எழுபதுதான் சரியென்றால் பொறிக்குத் தன்னம்பிக்கை மிகுதி என்று பொருள். இன்றைய ஆழ்ந்த நரம்பு வலைப்பின்னல்களுக்கு இந்தக் குறை உண்டு என்பதை 2017-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைகளால் எடுத்துக்காட்டினர். விடைகளின் துல்லியம் கூடியபோதும், தன் துல்லியத்தைப் பற்றிப் பொறி சொல்லும் எண் உண்மையினின்று விலகியே நின்றது.

எனவே வரம்பு வைப்பதற்கு முன், நம் பொறி எப்படிப்பட்டது என்று நாமே அளந்து பார்க்க வேண்டும். கடந்த மாதங்களில் வந்த விலைப்பட்டியல்களில் ஆயிரத்தை எடுத்து, மொத்தத் தொகையை மனிதர் கண்ணால் பார்த்துச் சரியான விடையைக் குறித்து வைக்க வேண்டும். பிறகு அதே ஆயிரத்தையும் பொறியிடம் கொடுத்து, அதன் விடைகளை நம்பக எண்ணின்படி பிரிக்க வேண்டும். விளைவு இவ்வாறு அமைந்ததாகக் கொள்வோம்:

0.99-உம் அதற்கு மேலும்: 700 விடைகள், தவறு 2.
0.95 முதல் 0.99 வரை: 160 விடைகள்; தவறு 4.
0.90 முதல் 0.95 வரை: 80 விடைகள், தவறு 8.
0.90-க்குக் கீழ்: 60 விடைகள், தவறு 24.

ஆயிரத்தில் 38 தவறுகள். மூன்றாம் வரியைப் பாருங்கள். பொறியின் சொல்லை நம்பினால் அங்கே நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே தவறு இருக்க வேண்டும். உண்மையில் நூற்றுக்குப் பத்தே உள்ளது. இந்தப் பொறிக்குத் தன்னம்பிக்கை சற்றே மிகுதி. ஆயினும் பயன்படுத்தத் தக்கது.

கோட்டை எங்கே கிழிப்பது?

இந்தக் கேள்வி இன்றையது அன்று. எழுத்துகளைப் படிக்கும் பொறிகள் தோன்றிய காலத்திலேயே சி. கே. சௌ என்பவர் இதை ஆராய்ந்தார். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லி ஒதுங்கும் உரிமையைப் பொறிக்கு எப்போது தருவது என்பதற்கு 1957-இலும் 1970-இலும் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் விடை தந்தன. அந்த விடை மிக எளியது. மனிதர் ஒரு முறை சரிபார்க்க ஆகும் செலவை, ஒரு தவறு நழுவினால் ஆகும் செலவால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை 1-இலிருந்து கழித்தால் கிடைப்பதே வரம்பு.

ஒரு தொகையைச் சரிபார்க்க எழுத்தருக்கு ஆகும் நேரத்தின் மதிப்பு ரூ. 2 என்று கொள்வோம். தவறு நழுவினால் என்ன ஆகும்? பெரும்பாலானவை பட்டுவாடாவுக்கு முன்பே எங்காவது பிடிபடும். அரைமணி நேரத் தொல்லையோடு முடியும். சிலவற்றில் மட்டும் பணமே கைமாறிவிடும். எல்லாவற்றையும் சராசரி பார்த்து, தவறு ஒன்றுக்கு ரூ. 100 என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ 100-ஆல் வகுத்தால் 0.02. வரம்பு 0.98. அதாவது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தவறக்கூடிய இடமெல்லாம் மனிதர் பார்க்க வேண்டிய இடம்.

இனி, மேற்கண்ட ஆயிரத்தில் இதைச் சோதிப்போம். யாருமே பார்க்காவிட்டால் 38 தவறுகளுக்கு ரூ. 3,800 இழப்பு. எல்லாவற்றையும் பார்த்தால் ரூ. 2,000 செலவு. வரம்பை 0.90-இல் வைத்தால் 60-ஐப் பார்க்க ரூ. 120, நழுவும் 14 தவறுகளுக்கு ரூ. 1,400, ஆக ரூ. 1,520. வரம்பு 0.95 எனில் 140-ஐப் பார்க்க ரூ. 280, நழுவும் 6-க்கு ரூ. 600, ஆக ரூ. 880. வரம்பு 0.99 எனில் 300-ஐப் பார்க்க ரூ. 600, நழுவும் 2-க்கு ரூ. 200, ஆக ரூ. 800. இதுவே மிகக் குறைவு. 0.95-க்கும் 0.99-க்கும் இடைப்பட்ட பகுதியில் 160-க்கு 4, அதாவது நூற்றுக்கு இரண்டரை தவறுகள் உள்ளன. அது இரண்டுக்கு மேல் என்பதால் அப்பகுதியையும் பார்ப்பதே இலாபம் என்று சௌவின் விதியும் சொல்கிறது.

இந்த விதியிலிருந்து இன்னோர் உண்மையும் புலப்படும். எல்லா விவரங்களுக்கும் ஒரே வரம்பு பொருந்தாது. ‘குறிப்பு’ என்ற இடத்தில் உள்ள வாசகம் தவறினால் ரூ. 8 மதிப்புள்ள தொல்லைதான் என்றால், அதற்கு வரம்பு 0.75 போதும். விற்றவரின் வங்கிக் கணக்கு எண் தவறினால் சராசரி இழப்பு ரூ. 4,000 என்றால் வரம்பு 0.9995 ஆகிவிடும். இரண்டாயிரத்தில் ஒரு தவறுதான் பொறுக்கலாம் என்பது இதன் பொருள். இதை ஆயிரம் விலைப்பட்டியல்களைக் கொண்டு மெய்ப்பிக்கவே முடியாது. ஒரு தவறும் இல்லாமல் ஏறத்தாழ ஆறாயிரம் விடைகளைக் கண்ட பின்னரே அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலும். ஆகவே வங்கிக் கணக்கு எண்ணுக்கு வரம்பு வைப்பதை விட்டுவிட்டு, ஏற்கெனவே பதிவேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதே அறிவுடைமை. ஒத்துவராவிட்டால், நம்பக எண் எதுவாயினும் மனிதரிடம் போக வேண்டும்.

உறுதியாகச் சொல்லும் தவறு

தவறுகளுள் ஒரு வகை, வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் அகப்படாது. வரிக்கு முந்திய தொகையான 15,500-ஐயே பொறி மொத்தம் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அச்சு தெளிவாக இருக்கிறது. இலக்கங்களில் ஐயமே இல்லை. நம்பக எண் 0.99-ஐத் தாண்டலாம். பொறி எழுத்தைச் சரியாகவே படித்தது. இடத்தைத்தான் தவறாகத் தேர்ந்தது. நம் பட்டியலில் 700-க்குள் இருந்த அந்த இரண்டு தவறுகள் பெரும்பாலும் இத்தகையவையே.

இவற்றைப் பிடிக்க ஐயத்தை நம்பிப் பயனில்லை. கணக்கை நம்ப வேண்டும். 15,500-உம் 1,395-உம் 1,395-உம் கூடினால் 18,290. பொறி சொன்ன மொத்தம் இதனோடு ஒத்துப்போகிறதா? முத்திரை விழுந்த 78,290-உம், இடம் மாறிய 15,500-உம் இந்தக் கூட்டலில் அகப்பட்டுவிடும். 15 எழுத்துகள் கொண்ட ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசி எழுத்து, முந்திய பதினான்கிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் சோதனை எழுத்து. ஓர் எழுத்தைப் பொறி தவறாகப் படித்தால் அந்தக் கணக்கு உதைக்கும். கணக்குக்கு ஒத்துவராத எதையும் நம்பக எண்ணைப் பாராமலே மனிதரிடம் அனுப்ப வேண்டும்.

ஆனால் 03/04/2025 என்பதை ஏப்ரல் 3 என்பதா, மார்ச் 4 என்பதா? இதைக் கூட்டல் தீர்க்காது. அந்த விற்பனையாளரின் பழைய விலைப்பட்டியல்கள்தாம் தீர்க்கும்.

கோட்டிற்கு மேலும் ஒரு கண்

வரம்பு வைத்த பின் எழுத்தர் கோட்டிற்குக் கீழே உள்ளவற்றையே பார்ப்பார். மேலே உள்ளவற்றில் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. புதிய விற்பனையாளர் வேறு அமைப்பில் விலைப்பட்டியல் அனுப்பலாம். ஸ்கேனரின் கண்ணாடியில் கோடு விழலாம். பொறி அதே உறுதியோடு தவறிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வழி, கோட்டைத் தாண்டியவற்றிலும் நூற்றுக்கு இரண்டைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்ப்பதாகும். மாதத்தில் 14,000 விடைகள் கோட்டைத் தாண்டினால் 280-ஐப் பார்க்கிறோம். 700-க்கு 2 என்ற பழைய வீதப்படி இவற்றில் தவறு ஒன்றுக்குள்தான் இருக்க வேண்டும். ஆறு தவறுகள் கிடைத்தால் ஏதோ மாறிவிட்டது என்று அறியலாம். உடனே ஆயிரத்தை எடுத்து மீண்டும் அளந்து புதிய வரம்பு காண வேண்டும்.

சரிபார்க்கும் மனிதரும் பிழைக்கு விலக்கானவர் அல்லர். பொறியின் விடை திரையில் முன்பே எழுதப்பட்டிருந்தால், சோர்ந்த கண் அதை அப்படியே ஆமோதித்துவிடும். ஆகையால் முக்கியமான தொகைகளில் பொறியின் விடையை மறைத்து, படத்தின் அந்தத் துண்டை மட்டும் காட்டி, எழுத்தரையே தட்டெழுதச் சொல்வது நல்லது. இருவர் விடையும் ஒன்றானால் கணக்கில் ஏறட்டும். வேறுபட்டால் மூன்றாவது கண் ஒன்று பார்க்கட்டும். முத்திரைக்குள் மறைந்திருந்த அந்த ‘1’ அப்போது தப்பாமல் அகப்படும்.