மாமாவின் அறைக்கு இரண்டு விலை

காலை நிகழ்ச்சி முடிந்து கலையகத்தை விட்டு வெளியே வந்தபோது கைத்தொலைபேசியில் மாமாவின் ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. பதறிப்போய்த் திரும்ப அழைத்தேன்.

“ஏம்மா, நீதான் ரேடியோவுல பேசுற ஆளாச்சே. இதைக் கொஞ்சம் பேசு. பட்டப்பகல்ல என்னை ஏமாத்திட்டாங்க.”

மாமா தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பள நாளில் ஒரு சென்கூடப் பிசகாமல் கணக்கு எழுதியவர். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துப்போக, ஜார்ஜ்டவுனில் ஒரு தங்கும் விடுதிக்குத் தாமே தொலைபேசியில் பேசி, இரண்டு அறைகளை இரண்டு இரவுகளுக்கு முன்பதிவு செய்திருந்தார். ஓர் அறைக்கு ஓர் இரவு 320 வெள்ளி. ஒன்பது நாள் கழித்து, அதே விடுதி, அதே அறை, அதே தேதி 219 வெள்ளி என்று அவர் மகள் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டியிருக்கிறார். நான்கு அறை இரவுகளுக்கு 404 வெள்ளி வித்தியாசம். பணத்தைவிட, ‘கிழவன்தானே, தெரியாது’ என்று நினைத்து அதிகம் வாங்கிவிட்டார்கள் என்ற எண்ணம்தான் அவரைச் சுட்டது.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் கோலாலம்பூரில் ஒரு விடுதியில் ரெவென்யூ மேனேஜராக இருக்கிறார். அறைக்கு அன்றன்று என்ன விலை போடுவது என்று தீர்மானிப்பதுதான் அவர் வேலை. அன்று மாலையே அவரை மாமா வீட்டுக்கு அழைத்துப் போனேன். மாமா முகப்புப் பக்கத்தில் இரண்டு விலைகளையும் எழுதி, சிவப்பு மையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தார்.

நண்பர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “அங்கிள், முதல்ல அந்த 219ஐ நான் பார்க்கணும்” என்றார். மகள் கைத்தொலைபேசியைக் கொடுத்தார். அவர் முன்பதிவை நடுவில் விடாமல், பணம் கட்டச் சொல்லும் கடைசிப் பக்கம் வரை போனார். அங்கேதான் 8 சதவீத சேவை வரி சேர்ந்தது. 219 வெள்ளி 236 வெள்ளி 52 சென் ஆனது. காலை உணவு இல்லை என்று சின்ன எழுத்தில் இருந்தது. அந்த விடுதியில் காலை உணவு தனியாக வாங்கினால் ஆளுக்கு 20 வெள்ளி. அறைக்கு இருவர் என்றால் 40 வெள்ளி. மாமாவின் 320 வெள்ளியிலோ வரியும் காலை உணவும் அடக்கம். பினாங்கில் அறைக்கென்று ஊராட்சி மன்றத்துக்காக வாங்கும் சிறு கட்டணம் இரண்டுக்கும் பொது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“ஆக, உண்மையில 276 வெள்ளி 52 சென்” என்று மாமாவே கூட்டிச் சொல்லிவிட்டார். 101 வெள்ளி வித்தியாசம் 43 வெள்ளி 48 சென்னாகச் சுருங்கியது. குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் விடவில்லை. “அந்த 43 மட்டும் எங்கேருந்து வந்துச்சு, தம்பி?”

அதற்கும் இரண்டு பாகம் உண்டு என்றார் நண்பர். அந்த இணைய விலையில் இன்னொரு வரி இருந்தது: ரத்து செய்தால் பணம் திரும்பாது. மாமாவின் பதிவிலோ மூன்று நாள் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யலாம். பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் ஒன்றில் முழுப் பணமும் போகும், இன்னொன்றில் ஒரு சென்னும் போகாது. அறை ஒன்றானாலும் விற்கப்படும் பொருள் இரண்டு. மேலும் அது கைத்தொலைபேசிச் செயலியில், உறுப்பினராக உள்ளே நுழைந்தவருக்கு மட்டும் தெரியும் விலை. மருமகன் கணினியில் தேடியபோது அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதுதான். (அதற்குள் வீட்டில் மகள் பொய் சொல்கிறாள் என்று ஒரு சின்னச் சண்டையே நடந்து முடிந்திருந்தது.)

நண்பர் பிறகு விடுதியின் சொந்த இணையத்தளத்தைத் திறந்தார். வரி, காலை உணவு, இலவச ரத்து என எல்லாம் மாமாவின் பதிவைப் போலவே வைத்துத் தேடினார். 290 வெள்ளி வந்தது. இதுதான் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய விலை. அறைக்கு 30 வெள்ளி உண்மையாகவே குறைந்திருக்கிறது.

ஏன் குறைந்தது? அது எனக்கு என் தொழிலை வைத்தே புரிந்தது. காலை ஏழரை மணிச் செய்திக்கு முன் வரும் 30 விநாடி விளம்பர நேரம் இன்று விற்கவில்லை என்றால், நாளைக்கு அதை எடுத்து வைத்து விற்க முடியாது. அறையும் அப்படித்தான். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையின் வருமானம் போனது போனதுதான். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கைக்கு இருக்கை விலையை மாற்றி விற்கும் முறையை வளர்த்தெடுத்தன. விடுதிகள் அதை அங்கிருந்துதான் கற்றுக்கொண்டன. விமான டிக்கெட் விலை மாறினால் மாமா கோபப்படுவதில்லை. மழை நேரத்தில் கிராப் கட்டணம் ஏறினாலும் முணுமுணுப்பதோடு சரி. அறை விலை மட்டும் கடைச் சாமான் போல நிலையாக இருக்க வேண்டும் என்று நாம் ஏனோ இன்னும் எதிர்பார்க்கிறோம்.

நண்பர் வேலை செய்யும் இடத்தில் ஒரே வகை அறைக்குப் பத்து விலைப் படிகள் வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட தேதிக்கு இன்னும் இத்தனை நாள் இருக்கும்போது எத்தனை அறைகள் விற்றிருக்கின்றன, போன ஆண்டு இதே கட்டத்தில் எத்தனை விற்றிருந்தன என்று கணினி தினமும் ஒப்பிடுகிறது. வேகமாக விற்றால் ஒரு படி ஏறும். மந்தமானால் இறங்கும். வாடிக்கையாளர் கிழவரா இளைஞரா என்பது அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

“ஆனா பள்ளி விடுமுறைக்கு விலை ஏறத்தானே வேணும்? எப்படி இறங்கும்?” இது மாமாவின் கேள்வி. நல்ல கேள்வி.

“என் ஊகம், ஏதோ ஒரு குழு அறைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கு” என்றார் நண்பர். மாமாவின் நோட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டும் போட்டுக் காட்டினார். 150 அறைகள் உள்ள விடுதி. 85 விற்றாகிவிட்டது. ஒரு நிறுவனம் கூட்டம் நடத்த 40 அறைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. பொதுமக்களுக்கு விற்க மீதி 25தான். அதனால் விலை மேல்படியில் நிற்கும். நீங்கள் அழைத்தது அந்த நேரம். ஆனால் குழுக்களுக்கு ஒரு கெடு உண்டு. அந்தத் தேதிக்குள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று உறுதி சொல்லி, மிச்சத்தை விட்டுவிட வேண்டும். 12 பேர்தான் வருகிறார்கள் என்றால் 28 அறைகள் ஒரே நாளில் திரும்பி வரும். 25ஆக இருந்தது 53 ஆகிவிடும். கணினி உடனே விலையைக் கீழே இறக்கும்.

அப்படியானால் ஒரேயடியாக 100 வெள்ளிக்கு இறக்கிக் காலி அறைகளைத் தீர்த்துவிடலாமே என்று நான் கேட்டேன். அப்படிச் செய்தால் 300 கொடுக்கத் தயாராக இருப்பவரும் 100தான் கொடுப்பார், அடுத்த முறை கடைசி நாள் வரை காத்திருக்கவும் பழகிவிடுவார் என்றார். அதனால்தான் மலிவு விலைக்கெல்லாம் ஒரு வேலி போடுகிறார்கள்: பணம் திரும்பாது, காலை உணவு இல்லை, செயலியில் மட்டும் என்பவை எல்லாம் அந்த வேலிகள். விலை மட்டும் முக்கியம் என்பவர் வேலியைத் தாண்டுவார். திட்டம் மாறக்கூடியவர் கூடுதலாகக் கொடுத்து வெளியே நிற்பார்.

மாமாவின் அடுத்த யோசனை விடுதிக்குப் போன் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது. நண்பர் தடுத்தார். உறுதி செய்த விலை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். விலை ஏறியிருந்தால் அவர்கள் உங்களிடம் மேற்கொண்டு கேட்க முடியாது. சில பெரிய விடுதிக் குழுமங்கள், பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அதே அறையை அதே நிபந்தனையோடு வேறு இடத்தில் மலிவாகக் காட்டினால் விலையைக் குறைத்துக் கொடுக்கின்றன. மாமாவுக்கு ஒன்பது நாள் ஓடிவிட்டது. இணைய முகவர் வழியாகப் பதிவு செய்திருந்தாலோ, விடுதியிடம் கேட்டுப் பயனே இல்லை. பணம் முகவரிடம் இருக்கும்.

ஆனால் மாமாவிடம் ஒரு நல்ல சீட்டு இருந்தது. அவர் கூடுதலாகக் கொடுத்தது இலவச ரத்துக்காகத்தானே? அதைப் பயன்படுத்தலாம். புதிய 290 வெள்ளிப் பதிவை முதலில் செய்து, உறுதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்த பிறகே பழையதை ரத்து செய்ய வேண்டும். வரிசையை மாற்றிவிடக் கூடாது. பழையதை முதலில் விட்டுவிட்டு, இடைப்பட்ட ஐந்து நிமிடத்தில் விலை ஏறினால் கையில் ஒன்றும் இருக்காது. ‘இந்த விலையில் இரண்டு அறைகளே மீதம்’ என்று திரையில் மின்னுவதைப் பார்த்து அவசரப்படவும் வேண்டியதில்லை. பெரும்பாலும் அது அந்தத் தளத்திடம், அந்த விலையில் உள்ள எண்ணிக்கைதான். முழு விடுதியின் கணக்கு அல்ல.

மறுநாள் காலை மாமா அப்படியே செய்தார். 1,280 வெள்ளியாக இருந்தது 1,160 ஆனது. பழைய பதிவை ரத்து செய்யத் தொலைபேசியில் அழைத்தபோது, முன்பதிவுப் பிரிவில் இருந்த பெண்ணிடம் “குழு ஏதாச்சும் அறையைத் திருப்பிக் குடுத்துச்சாம்மா?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, ஆமாம், ஒரு நிறுவனத்தார் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள் என்றாராம். மாமா அதை ஏதோ துப்பறிந்து கண்டுபிடித்ததைப் போல எனக்குச் சொன்னார்.

காத்திருந்தால் எப்போதும் இறங்கும் என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. தைப்பூசத்துக்கோ சீனப் புத்தாண்டுக்கோ பினாங்கில் அறை தேடுபவர்கள் இந்தச் சூதாட்டத்தில் பெரும்பாலும் தோற்பார்கள். அந்த நாட்களுக்கு, ரத்து செய்யக்கூடிய பதிவை முன்கூட்டியே பிடித்து வைத்துவிட்டு, கெடு நாள் வரை அவ்வப்போது விலையைப் பார்ப்பதுதான் நண்பர் தம் சொந்த வீட்டுக்கே செய்வது. அலுவலகக் கூட்டங்களை நம்பியிருக்கும் நகர விடுதிகளில், சாதாரண வார இறுதியில் வேண்டுமானால் கடைசி நேரத்தில் குறையலாம்.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாமா மறுபடியும் அழைத்தார். அன்றைய விலை 345 வெள்ளியாம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

“விடுதியிலேருந்து யாராச்சும் போன் பண்ணி, அங்கிள், இப்ப 345, மிச்சத்தைக் கொடுங்கன்னு கேட்டாங்களா, மாமா?” என்றேன்.

“கேட்டுப் பாக்கட்டுமே” என்றார்.